கண்ணில் பட்டவரைக் கேட்டால் ரேண்டம் ஆகிவிடுமா?

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் 100 ஆண், 100 பெண் என்று கணக்காகக் கேட்டேன். ரேண்டம் சாம்பிள் என்று எழுதலாமா?
*– எம்.பி.ஏ. மாணவர், காட்பாடி*

எழுதக் கூடாது. இது பிரிவுக்கு இத்தனை பேர் என்று நிரப்பும் கோட்டா சாம்பிள். ரேண்டம் என்றால் ஊரில் ஒவ்வொருவரும் தேர்வாக எவ்வளவு வாய்ப்பு என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இங்கே யாரை நிறுத்துவது என்பதை முடிவு செய்தது உங்கள் கண். அவசரமாக ஓடியவர், முகம் கடுகடுத்தவர் எல்லாம் விடுபட்டிருப்பார்கள். பஸ் ஏறாதவர் வரவே இல்லை. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் கோட்டா முறையில் கணித்தவர்கள் டூயி ஜெயிப்பார் என்றார்கள், ஜெயித்தது ட்ரூமன். கேள்வித்தாள் புரிகிறதா என்று சோதிக்க இந்த 200 பேர் போதும். முடிவில் கூட்டல் கழித்தல் இத்தனை சதவீதம் என்று பிழை வரம்பு மட்டும் போடாதீர்கள்.

ஆம்பூரில் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்தோல் தைக்கும் பெண்களைப் பற்றி ஆய்வு. பட்டியலே இல்லை. ஒருவர் மூலம் அடுத்தவர் என்று 40 பேரைப் பார்த்தேன். கைடு ஏற்க மறுக்கிறார்.
*– ஆய்வு மாணவி*

பட்டியல் இல்லாத இடத்தில், ஒருவர் மூலம் அடுத்தவரைப் பிடிக்கும் இந்த ஸ்னோபால் முறை நியாயமான வழிதான். ஆனால் உங்கள் 40 பேரும் யாரிடமிருந்து கிளம்பினார்கள்? நீங்கள் அனுப்பிய தாளில் எல்லோருமே ஒரே அக்காவின் வழி வந்தவர்கள். 36 பேர் ஒரே ஏஜெண்டிடம் வேலை வாங்குகிறார்கள், ஜோடிக்குக் கூலியும் அச்சடித்த மாதிரி ஒன்றே. இது ஒரு ஏஜெண்டின் கதை, ஆம்பூரின் கதை இல்லை. கைடு தயங்குவது இதற்காகத்தான் இருக்கும்.

இன்னும் ஐந்து பேரிடமிருந்து புதிதாகத் தொடங்குங்கள். தெரு வேறு, ஏஜெண்ட் வேறாக இருக்கட்டும். வேலையை விட்டுவிட்ட ஒருவரும் வேண்டும். ஒருவர் மூன்று பேருக்கு மேல் சொல்லக் கூடாது. இல்லையென்றால் நிறையப் பேரைத் தெரிந்தவரின் வட்டமே தாளை நிரப்பிவிடும். யார் யாரை அனுப்பினார் என்று எண் போட்டுக் குறித்து வையுங்கள். வெவ்வேறு இடத்தில் கிளம்பிய சங்கிலிகள் மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகும் தனித்தனிக் கதையே சொன்னால், நீங்கள் பார்க்காத பக்கம் இன்னும் இருக்கிறது.

அடுத்தவருடைய போன் நம்பரைக் கேட்டு வாங்காதீர்கள். உங்கள் நம்பரைக் கொடுத்தனுப்புங்கள். ஏஜெண்டுக்குத் தெரிந்து வேலை போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு.

கூலி எப்படிக் கணக்காகிறது, நூலுக்கு யார் காசு, தையல் தவறினால் பிடித்தம் உண்டா என்பதையெல்லாம் இதை வைத்து நன்றாக எழுதலாம். 'ஆம்பூர் பெண்களில் இத்தனை சதவீதம்' என்று மட்டும் எழுத முடியாது.

குடியாத்தத்தில் பீடி சுற்றும் வீடுகளுக்கும் ஸ்னோபால் போதுமா?
*– தொண்டு நிறுவன ஊழியர்*

வேண்டாம். பீடி வேலை பரவலாக நடக்கும் தெருக்களில் நீங்களே நடந்து வீடுகளைப் பட்டியலிட்டுவிடலாம். 640 வீடு, 80 தேவை என்றால் எட்டுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து எட்டுக்குள் சீட்டுக் குலுக்குங்கள். ஐந்து விழுந்தால் 5, 13, 21 என்று போங்கள். பூட்டிய வீட்டுக்கு மாலையில் மறுபடி போங்கள். பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்பினால் பகலில் வீட்டில் இருப்பவர்களே மிஞ்சுவார்கள்.