அட்டினோலாலை நிறுத்திய மூன்றாம் நாள்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. ஆறு வருடமாக மெட்டோபிரோலால் 50 சாப்பிடுகிறார். பிபி நார்மலாகிவிட்டது என்று முந்தாநாள் முதல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏதாவது ஆபத்து உண்டா?

உண்டு. அவருடைய டாக்டரை இன்றே போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பதை என் அம்மாவுக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன். நான் மருந்தாளுநர், என் வீட்டிலேயே இது நடந்தது.

அம்மா எட்டு வருடமாக அட்டினோலால் 50 மி.கி. சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணத்துக்காகச் சித்தி வீட்டுக்குப் போனபோது மாத்திரை தீர்ந்துவிட்டது. ஊரை விட்டுக் கிளம்பும்போது பார்த்த பிபி 124/78. அதனால் "நாலு நாள்தானே" என்று விட்டுவிட்டார். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், தலைவலி. பக்கத்து கிளினிக்கில் பார்த்தபோது நாடித்துடிப்பு 118, பிபி 182/104. மாத்திரை தொடங்கும் முன்புகூட அம்மாவுக்கு இவ்வளவு ஏறியதில்லை.

மெட்டோபிரோலால், அட்டினோலால், புரோப்ரனலால் எல்லாம் பீட்டா பிளாக்கர் வகை. அட்ரினலின் இதயத்திடம் "வேகமாக அடி" என்று சொல்வதைக் காதில் விழாமல் தடுப்பதுதான் இவற்றின் வேலை. மாதக்கணக்கில் காதைப் பொத்தியே வைத்திருந்தால் உடம்பு சும்மா இருக்காது. சத்தம் கேட்கவில்லையே என்று செல்களின் மேல் கூடுதலாகக் காதுகளை, அதாவது ஏற்பிகளை, முளைக்க வைக்கும். மாத்திரையை நிறுத்தினால் மருந்து ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். கூடுதலாக முளைத்த ஏற்பிகள் அவ்வளவு சீக்கிரம் குறையாது. அதற்குப் பல நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் வழக்கமான அட்ரினலினே இதயத்துக்குக் கூச்சலாகக் கேட்கிறது. அம்மாவுக்கு முதல் இரண்டு நாள் சும்மா இருந்து மூன்றாம் நாள் வெடித்ததற்குக் காரணம் இதுதான். உங்கள் அப்பா இப்போது நன்றாக இருப்பதை வைத்துத் தைரியமாக இருக்க முடியாது என்பதற்கும் இதுவே காரணம்.

இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவருக்கு இந்த இடைவெளி மிகவும் ஆபத்தானது. இதயம் வேகமாக ஓட அதிக ஆக்சிஜன் வேண்டும், அடைப்போ ரத்தத்தை விடாது. நெஞ்சுவலி, மாரடைப்புவரை போகலாம். அடைப்பு இருப்பதே தெரியாமல் பலர் இருப்பதால் "எனக்கு ஹார்ட் பிராப்ளம் இல்லையே" என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

அம்மாவுக்கு நல்லவேளை, ஈசிஜியில் பாதிப்பு இல்லை. அதே 50 மி.கி.யைத் திரும்ப ஆரம்பித்தார்கள், இரண்டு நாளில் அடங்கியது.

சில மாதம் கழித்து, சோர்வும் 54 என்ற நாடித்துடிப்பும் இருந்ததால் டாக்டரே அட்டினோலாலை விலக்க முடிவு செய்தார். முதலில் வேறு வகை பிபி மாத்திரையான டெல்மிசார்டன் 40 சேர்த்தார். பிறகு அட்டினோலால் 25 மி.கி. இரண்டு வாரம், அப்புறம் 12.5 மி.கி. இரண்டு வாரம், அதோடு நிறுத்தம் என்று திட்டம். தினமும் காலையில் எழுந்ததும் நாடியையும் பிபியையும் நோட்டில் எழுதினோம். மாடி ஏறி இறங்குவது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் அந்த நாட்களில் வேண்டாம் என்றார். 12.5க்கு வந்த நாலாம் நாள், உட்கார்ந்திருக்கும்போதே நாடி 96. டாக்டர் தயங்காமல் 25க்குத் திருப்பி, பத்து நாள் அதே அளவில் வைத்திருந்து, மீண்டும் இறக்கினார். ஆகவே தேதியை விட உடம்பு என்ன சொல்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சிலருக்கு ஒன்றிரண்டு வாரமே போதும், சிலருக்கு இன்னும் மெதுவாகப் போக வேண்டியிருக்கும்.

பலர் தாங்களாகவே ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுக் குறைக்கிறார்கள். மருந்து சீக்கிரம் வெளியேறுவதால், விட்ட நாளெல்லாம் ஒரு சின்ன திடீர் நிறுத்தம்தான். அளவைக் குறைத்துத் தினமும் சாப்பிடுவதே சரி. அப்பாவுடையது மருந்தை மெதுவாக வெளிவிடும் எக்ஸ்எல் மாத்திரை என்றால், நடுவில் கோடு இருந்தால் பாதியாக உடைக்கலாம், பொடியாக்கவோ மெல்லவோ கூடாது.

எல்லா பிபி மாத்திரையும் இப்படித் திருப்பி அடிப்பதில்லை. அம்லோடிபின், டெல்மிசார்டனை நிறுத்தினால் பொதுவாகப் பிபி மெதுவாகப் பழைய இடத்துக்கே ஏறும். அதுவும் நல்லதல்ல, ஆனால் இந்த அளவு அதிர்ச்சி இருக்காது. குளோனிடின் ஒரு முக்கியமான விதிவிலக்கு. அதை விட்ட ஓரிரு நாளிலேயே பிபி பயங்கரமாக எகிறலாம். அப்பா அதையும் சேர்த்துச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள், இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

போன் செய்யும் முன் அப்பாவின் நாடியை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கி, பிபியோடு குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதே மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்வார்கள். விட்டுப்போன நாட்களுக்காக இரட்டிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். நெஞ்சு அழுத்தமோ மூச்சுத்திணறலோ வந்தால் டாக்டரின் பதிலுக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.