சளி மாத்திரை, கசகசா, சிறுநீரில் ‘பாசிட்டிவ்’: உறுதிப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் மகன் கப்பல் வேலைக்குச் சேர மெடிக்கல் எடுத்தான். சிறுநீரில் ஆம்ஃபெட்டமைன், ஓபியம் இரண்டும் பாசிட்டிவ் என்று சொல்லி, கன்ஃபர்மேட்டரி டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவனுக்கு எந்தப் பழக்கமும் இல்லை. முந்தைய மூன்று நாட்களாக மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த சளி மாத்திரையும் இருமல் டானிக்கும் சாப்பிட்டான். முதல் நாள் இரவு கசகசா அரைத்த குருமா. ஏஜென்ட், “அந்த ரிசல்ட் வருவதற்குள் வேறு லேபில் நெகட்டிவ் வாங்கித் தருகிறேன், 20,000 ரூபாய் கொடுங்கள்” என்கிறார். என்ன செய்வது? (ஒரு தாய், தூத்துக்குடி)

பதில்: அம்மா, முதலில் அந்த ஏஜென்டிடம் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் மகனுக்காகச் சாட்சி சொல்லக்கூடியது அன்றைக்கு அவர் கொடுத்த அந்தச் சிறுநீர் மட்டும்தான். அது உறுதிப் பரிசோதனைக்குப் போயிருக்கிறது என்றால் நடக்க வேண்டியது முறையாக நடக்கிறது என்று பொருள். பல மையங்களில் முதல் கட்ட முடிவைப் பார்த்த கையோடு மாதிரியைக் கொட்டிவிட்டு, தகுதி இல்லை என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அப்படிக் கொட்டப்பட்ட பிறகு என்னைப் போன்றவர்களால் எதையும் நிரூபிக்க முடியாது.

முதல் கட்டத்தில் செய்வது ஒரு பட்டைப் பரிசோதனை. ஒவ்வொரு போதைப்பொருள் வகைக்கும் ஒரு பட்டை. ஒவ்வொன்றிலும் ‘சி’ என்ற இடத்திலும் ‘டி’ என்ற இடத்திலும் கோடு தோன்ற வேண்டும். கர்ப்பம் பார்க்கும் அட்டைக்கு நேர் எதிராக, இங்கே ‘டி’ கோடு தெரிந்தால் நெகட்டிவ், தெரியாவிட்டால்தான் பாசிட்டிவ். கோடு மிக மங்கலாக இருந்தாலும் அது நெகட்டிவ்தான். அனுபவம் இல்லாத பணியாளர் மங்கலான கோட்டை ‘லேசான பாசிட்டிவ்’ என்று எழுதிவிடுவதும், குறித்த நேரம் கடந்தபின் பட்டையைப் படிப்பதும் நடக்கிற தவறுகளே. உங்கள் மகன் அந்தப் பட்டையைக் கண்ணால் பார்த்தாரா, கோடு அறவே இல்லையா, மங்கலாக இருந்ததா என்று கேட்டுக் குறித்துவையுங்கள்.

பட்டையில் இருக்கும் ஆன்டிபாடி ஒரு மூலக்கூறின் வடிவத்தை வைத்துத்தான் அதை அடையாளம் காண்கிறது. அதே சாயல் கொண்ட வேறு மருந்து வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபிட்ரின், மெத்தாம்ஃபெட்டமைனுக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டுக்கும் இடையே ஓர் ஆக்சிஜன் அணுதான் வேறுபாடு. ஆகவே மூன்று நாட்கள் அதைச் சாப்பிட்டவருக்கு ஆம்ஃபெட்டமைன் பட்டையில் கோடு மறைவதில் வியப்பில்லை. வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கும் ரானிடிடினுக்கும் இந்தக் குணம் உண்டு. நம் ஊர் மெடிக்கல் ஷாப்புகளில் சளிக்கு ‘செட்’ என்று கொடுக்கிறார்களே, நான்கு மாத்திரைகளை அட்டையிலிருந்து கத்தரித்து ஒரு காகித உறையில் போட்டு, ‘காலை, இரவு’ என்று மட்டும் எழுதித் தருவது, அதில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வாய்ப்புண்டு. கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் இருக்காது, பில்லும் இருக்காது. வேலைக்கு மெடிக்கல் எடுக்கப்போகும் யாரும் இப்படிச் செட் மாத்திரை வாங்கிச் சாப்பிடவே கூடாது என்பதை நான் எத்தனை முறை எழுதினாலும் போதாது. இன்றைக்கே அந்தக் கடைக்குப் போய், என்னென்ன மாத்திரை கொடுத்தார்கள் என்பதைப் பெயரோடு எழுதி வாங்குங்கள். மீதி மாத்திரை இருந்தால் உறையோடு எடுத்துவையுங்கள்.

உறுதிப் பரிசோதனை வடிவத்தை மட்டும் நம்புவதில்லை. அதைப் பெரும்பாலும் ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ் என்ற கருவியில் செய்கிறார்கள். சிறுநீரில் உள்ள பொருட்கள் நீண்ட மெல்லிய குழாயினுள் செலுத்தப்படுகின்றன. ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். அங்கே அதைத் துண்டுகளாக உடைத்து, துண்டுகளின் எடையை அளக்கிறார்கள். வந்து சேர்ந்த நேரமும் துண்டுகளின் எடைகளும் இரண்டுமே பொருந்தினால்தான் அது இன்ன பொருள் என்று எழுதுவார்கள். சூடோஎஃபிட்ரினும் மெத்தாம்ஃபெட்டமைனும் இந்த இடத்தில் தெளிவாகப் பிரிந்துவிடும். ஆகவே உங்கள் மகன் சாப்பிட்டது சளி மாத்திரை மட்டும்தான் என்றால், ஆம்ஃபெட்டமைன் வரிசையில் ‘நெகட்டிவ்’ என்றே அறிக்கை வரும்.

ஓபியம் வரிசையில் அப்படி ஒரே சொல்லில் ஆறுதல் சொல்ல முடியாது. இதைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உறுதிப் பரிசோதனை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி அதோடு விட்டுவிடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சளி மாத்திரை பட்டையை ஏமாற்றுகிறது, கசகசா ஏமாற்றுவதில்லை. கசகசா ஓபியம் செடியின் விதை. காயைக் கீறினால் வடியும் பாலில்தான் மார்ஃபினும் கோடீனும் மிகுதி. அறுவடையின்போது அந்தப் பால் விதையின் மேல் படிந்துவிடுகிறது. விதையைக் கழுவி நீரை வடித்துவிட்டால் அளவு குறையும். நாமோ பெரும்பாலும் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடே தேங்காயுடன் அரைத்துவிடுகிறோம். ஆகவே குருமா சாப்பிட்டவரின் சிறுநீரில் இருப்பது உண்மையான மார்ஃபின், உறுதிப் பரிசோதனையும் அதை மார்ஃபின் என்றே சொல்லும். போதை ஏற்படுத்தும் அளவு அது இல்லை என்பது வேறு விஷயம்.

அப்படியானால் வேறுபாட்டை எப்படிக் காண்பது? அளவை வைத்துத்தான். உதாரணமாக, அறிக்கையில் ஒரு மில்லிலிட்டருக்கு மார்ஃபின் 850 நானோகிராம், கோடீன் 70 நானோகிராம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தின் எல்லை அளவு 300 என்றால் இது பாசிட்டிவ். எல்லை அளவு 2,000 என்றால் இதே சிறுநீர் நெகட்டிவ். அமெரிக்க அரசின் பணியிடப் பரிசோதனைகளில் 1998 வரை 300 என்றுதான் இருந்தது. கசகசா தூவிய ரொட்டி சாப்பிட்டவர்கள் எல்லாம் சிக்குகிறார்கள் என்பதால் 2,000 ஆக உயர்த்தினார்கள். அதன் பிறகும் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படையினரைக் கசகசா உணவுகளைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டது. ஆனால் இங்கே கிடைக்கும் பட்டைகளில் 300 எல்லையுள்ளவையே பல. எந்த எல்லையில் சோதித்தோம் என்பதை எழுதாமலே ‘பாசிட்டிவ்’ என்று ஒரு சொல்லை மட்டும் அச்சடித்துத் தரும் மையங்கள் இருக்கின்றன. ஒரு இளைஞனின் வேலையை முடிவு செய்யும் தாளில் எண் இல்லாமல் கையெழுத்துப் போட ஒரு மருத்துவருக்கு எப்படி மனம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. எல்லை அளவையும் கண்டறிந்த அளவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தயங்காதீர்கள்.

இன்னும் இரண்டு பொருட்களை ஆய்வகத்திடம் கேட்கலாம். ஹெராயின் உடலில் சிதையும்போது மட்டும் உண்டாகும் 6-அசிட்டைல்மார்ஃபின் என்ற ஒன்று உண்டு. அது இருந்தால் கசகசாவைக் காரணம் காட்ட முடியாது. இல்லாவிட்டால் உங்களுக்குச் சாதகம்தான், ஆனால் அது ஒரு நாளைக்குள் மறைந்துவிடக்கூடியது என்பதால் அதை மட்டும் முழுச் சான்றாக ஏற்கமாட்டார்கள். மற்றொன்று தீபெய்ன். இது விதையில் உண்டு; மருந்தாக விற்கும் கோடீனிலோ சுத்தமான மார்ஃபினிலோ இருக்காது. இது தென்பட்டால் ‘கசகசா சாப்பிட்டேன்’ என்ற சொல்லுக்கு வலு கூடும். கேட்டால் ஒழிய ஆய்வகங்கள் இதைப் பொதுவாகப் பார்ப்பதில்லை, ஆகவே முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

இருமல் டானிக் பாட்டிலை உடனே தேடி எடுத்து, அதன் மேல் உள்ள பெயரைப் படியுங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்று இருந்தால் ஓபியம் வரிசைக்கு அதைக் காரணமாகச் சொல்வது கடினம். கோடீன் என்று இருந்தால், அது மருந்துச்சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஹெச்1 பட்டியலில் உள்ளது; கடைக்காரர் மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். முறையாக வாங்கியிருந்தால் அந்தச் சீட்டே உங்கள் மகனைக் காப்பாற்றும். சீட்டில்லாமல் கொடுத்திருந்தால் கடைக்காரர் இப்போது மறுப்பார், பாட்டில் மட்டுமே உங்களிடம் இருக்கும். கோடீன் குடித்தவரின் சிறுநீரில் முதல் ஒரு நாளில் கோடீன் மிகுந்தும் மார்ஃபின் குறைந்தும் இருப்பது வழக்கம்; கசகசாவில் மார்ஃபினே மேலோங்கி நிற்கும். இந்த விகிதத்தையும் முடிவை ஆராயும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஏஜென்டின் யோசனையில் உள்ள ஓட்டை இதுதான். ஒரு வாரம் கழித்து வேறு ஆய்வகத்தில் கொடுக்கும் சிறுநீர் நெகட்டிவ் என்றுதான் வரும்; அதற்குள் எல்லாம் வெளியேறியிருக்கும். சூடோஎஃபிட்ரினும் போயிருக்கும், உண்மையில் போதைப்பொருள் எடுத்தவருக்கும் பெரும்பாலும் போயிருக்கும். எனவே அந்த நெகட்டிவ் முதல் மாதிரியைப் பற்றி எதையும் சொல்லாது. கப்பல் நிறுவனம் முதல் பரிசோதனை பற்றிப் பிறகு அறிந்தால், மறைத்தது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்ளும். பணத்தைப் பெற்றுக்கொண்டு ‘உறுதிப் பரிசோதனை தேவையில்லை’ என்று சொல்லி அந்த மாதிரியை நிறுத்திவிடச் செய்யும் தரகர்களும் உண்டு. அவர்கள் உங்கள் மகனின் ஒரே சாட்சியை அழிக்கிறார்கள். இன்னொரு யோசனையாக, மறுமாதிரிக்கு முன் நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அப்படிக் குடித்தால் சிறுநீரில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, நீர்த்த மாதிரி என்று தனியே குறிக்கப்படும். அந்தக் குறிப்பு சந்தேகத்தை அதிகரிக்கவே செய்யும்.

நாளைக் காலையில் பரிசோதனை மையத்துக்குச் சென்று, மாதிரி உங்கள் மகன் கையெழுத்திட்ட முத்திரையோடுதான் அனுப்பப்பட்டதா, இரண்டாம் பகுதி தனிக்குப்பியில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மாத்திரைப் பட்டியல், பாட்டில், மருந்துச்சீட்டு இருந்தால் அதன் நகல், குருமா சாப்பிட்ட நாளும் நேரமும் ஆகியவற்றை ஒரே கடிதமாக எழுதி, முடிவை ஆராயும் மருத்துவரின் பெயருக்குக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அறிக்கை வருவதற்கு முன்பே இதைக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் பாசிட்டிவ் வந்த பிறகு சொல்லும் காரணத்துக்கு மதிப்பு குறைவு. ஆம்ஃபெட்டமைன் நெகட்டிவ் என்றும் மார்ஃபின் மட்டும் பாசிட்டிவ் என்றும் வந்தால், எல்லை அளவு, மார்ஃபின், கோடீன் அளவுகள், 6-அசிட்டைல்மார்ஃபின், தீபெய்ன் ஆகிய விவரங்களோடு இரண்டாம் குப்பியை வேறு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கும்படி எழுத்தில் விண்ணப்பியுங்கள்.