வீடு கட்டிய காசுக்குக் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வீடு கட்டிய காசு எங்கிருந்து வந்தது என்று இறைவரியில் கேட்கிறார்கள். இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சத்தையும் காட்ட வேண்டுமா? (முல்லைத்தீவு)

காட்டுங்கள். அந்தக் காசு கட்டங்கட்டமாக வங்கிக்குத்தான் வந்தது. அந்த வங்கிப் புத்தகத்தின் நகல் போதும். மூலப்பிரதியைக் கையை விட்டு விடாதீர்கள்.

வீட்டுச் செலவு 68 இலட்சம். வைப்பு 16, வங்கிக் கடன் 35, நகை அடைவு 6, எங்கள் மிச்சம் 11, கூட்டினால் 68. எல்லாம் சரியாக இருக்க, இறைவரியில் ஏன் திரும்பக் கேட்கிறார்கள்? (கிளிநொச்சி, கடைக்காரர், மனைவி ஆசிரியை)

மாதத்தில் நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். எல்லோரும் மொத்தத்தைத்தான் கூட்டுகிறார்கள். அங்கே இருப்பவர் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஒவ்வொரு வருடமாகப் பார்ப்பார். மூன்று வருடக் கணக்கு ஒன்றாய்ச் சரிவந்தாலும், இடையில் ஒரு வருடத்தில் காசு வருமுன் செலவு நடந்திருந்தால் கேள்வி வரும்.

உங்கள் தாள்களை அப்படியே பிரித்தேன். 2022/23இல் அத்திவாரத்துக்கு 14 போனது; வைப்பை உடைத்த 16இல் 2 மிச்சம். 2023/24இல் சுவர், லிண்டல், கூரை என்று 38. அந்த வருடம் வங்கி விட்டது இரண்டு தவணையில் 25, பழைய மிச்சம் 2, வருமானத்தில் மிச்சம் பிடித்தது 5. ஆக 32. குறைவது 6 இலட்சம். நகையை அடைவு வைத்ததோ 2024 மேயில், அதாவது அடுத்த வருடத்தில்! அதை முந்திய வருடக் கூரைக்குக் காட்டினால் யார் ஏற்பார்கள்?

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசியில், ஏதோ சில்லறை விஷயம்போல், கூரை மரமும் ஓடும் ஹாட்வெயாரில் கடனுக்கு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் பதில். பில் பெப்ரவரியில், காசு கொடுத்தது மேயில். அந்த 6 இலட்சம் மார்ச் 31இல் நீங்கள் கடைக்குக் கொடுக்க வேண்டிய கடன். சொத்து, பொறுப்புக் கூற்றில் அதைப் பொறுப்பாகப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. இப்போது கடைக்காரரின் பில், அவர் தந்த பற்றுச்சீட்டு, அடைவுச் சீட்டு மூன்றையும் ஒன்றாய் வைத்து விளக்கம் எழுதுங்கள். 2024/25க்கு வேலை முடிப்புச் செலவு 16, கடைக்கு 6, ஆக 22. கடைசித் தவணை 10, அடைவு 6, மிச்சம் 6. சரிவருகிறது.

ஒன்று மட்டும் பாருங்கள்: அந்த மிச்சம் 5ம் 6ம் சாப்பாடு, பிள்ளைகளின் ரியூஷன், மோட்டார் சைக்கிள் லீசிங், கடனின் மாதத் தவணை எல்லாம் கழித்த பிறகு நிற்கிற தொகையா? கடன் காசு வருமானம் இல்லை. ஆனால் அதைத் திருப்பிக் கட்டுவது நீங்கள் காட்டிய வருமானத்திலிருந்துதான்.

எந்த மாதம் எந்த வேலை முடிந்தது என்று எப்படிக் காட்டுவது? மேசன் துண்டுத் தாளில் எழுதித் தந்ததுதான் இருக்கிறது. (மல்லாவி)

வங்கி ஒவ்வொரு தவணையையும் விடுமுன் ஆளை அனுப்பி வேலையைப் பார்த்ததா? அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அத்திவாரம் முடிந்தது, லிண்டல் மட்டம் வந்தது என்று திகதியோடு இருக்கும். மேசனின் தாளையும் எறியாதீர்கள். வங்கியில் காசு எடுத்த நாளோடு பொருந்தினால் அதற்கும் பெறுமதி உண்டு. திகதி, திகதி, திகதி!

கனடாவில் இருக்கும் அண்ணா 20 இலட்சம் தந்தார். உண்டியலில் வந்தது. இப்போது ஒரு கடிதம் எழுதி வாங்கினால் போதுமா? (புதுக்குடியிருப்பு)

தங்கச்சி, நேற்று எழுதிய கடிதத்தில் மூன்று வருடத்துக்கு முந்திய திகதியைப் போடச் சொல்லாதீர்கள். அப்படி ஒன்றைக் கொண்டுபோய், உண்மையான கணக்கையும் சந்தேகத்துக்கு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கடிதம் வாங்குங்கள், இன்றைய திகதியோடு. அண்ணாவின் வங்கியில் அந்த நாட்களில் காசு எடுத்த விபரத்தையும் கேளுங்கள். இங்கே உங்கள் கணக்கில் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேருங்கள். இனி அனுப்புவதை வங்கி ஊடாக அனுப்பச் சொல்லுங்கள். இதை எத்தனையாவது தடவை எழுதுகிறேனோ தெரியாது.

கடன் அனுமதிக் கடிதம் மட்டும் கொடுத்தேன், போதாது என்கிறார்கள். (வவுனியா)

அனுமதி வேறு, கைக்கு வந்த காசு வேறு. கடன் கணக்கின் அறிக்கையைக் கொடுங்கள். நகல்தான்.