இரண்டு பத்திப் பிடிஎஃப்: வரிகள் கலக்காமல் எடுப்பது எப்படி?

"எங்கள் சங்கத்தின் வெள்ளி விழா மலர் பிடிஎஃப் ஆக மட்டும்தான் இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு பத்தி. ஒரு கட்டுரையை காப்பி செய்து வேர்டில் ஒட்டினால் இடது வரியும் வலது வரியும் மாறி மாறி வருகின்றன. 12 பக்கத்தையும் நான் மறுபடி தட்டச்சு செய்யத்தான் வேண்டுமா?"
– வாசகி, தோ பாயோ

வேண்டாம். அரை மணி நேர வேலைதான் இது.

பிடிஎஃப் கோப்புக்குப் பத்தி என்றால் என்னவென்று பெரும்பாலும் தெரியாது. இந்த எழுத்து இந்த இடத்தில் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். நீங்கள் மவுஸால் இழுக்கும்போது, ஒரே உயரத்தில் இருக்கும் எழுத்துகளை ஒரே வரி என்று மென்பொருள் ஊகிக்கிறது. இடது பத்தியில் "முதல் கூட்டம் நடந்த மண்டபம்" என்றும், அதே உயரத்தில் வலது பத்தியில் "பரிசு பெற்ற மாணவர்கள்" என்றும் இருந்தால், "முதல் கூட்டம் நடந்த மண்டபம் பரிசு பெற்ற மாணவர்கள்" என்று ஒட்டி வரும். நடுவில் உள்ள இடைவெளி குறுகலாக இருந்தால் இந்தத் தவறு இன்னும் அதிகமாகும்.

ஆகவே வரிவரியாக இழுக்காமல், கட்டம் போட்டு எடுங்கள். விண்டோஸ் என்றால் SumatraPDF என்ற இலவச மென்பொருளில் மலரைத் திறந்து, Ctrl விசையை அழுத்தியபடி இடது பத்தியைச் சுற்றி ஒரு செவ்வகம் இழுங்கள். பிறகு Ctrl+C. வேர்டில் ஒட்டிவிட்டு வலது பத்திக்கு வாருங்கள். மேக் கணினியில் Preview போதும், Option விசையை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் இது சறுக்கும். கட்டுரையின் முதல் பக்கத்தில் தலைப்பு இரண்டு பத்திக்கும் மேலே குறுக்காக ஓடும். பக்கத்தின் உச்சியிலிருந்து கட்டம் போட்டால் தலைப்பின் முதல் பாதி இடது பத்தியோடும் மறுபாதி வலது பத்தியோடும் போய்விடும். தலைப்பு ஒரு கட்டம், அதற்குக் கீழே இடது ஒரு கட்டம், வலது ஒரு கட்டம் என்று மூன்றாக எடுங்கள். பக்கத்தின் நடுவில் இரண்டு பத்தியையும் அடைத்துக்கொண்டு ஒரு படமும் அதன் குறிப்பும் இருந்தால், முதலில் மலரை வாசித்துப் பாருங்கள். வாசகம் படத்தைத் தாண்டி அதே பத்தியில் கீழே போகிறதா, இல்லை படத்துக்கு மேலேயே வலப்பக்கம் தாவுகிறதா? உங்கள் கண் போகும் வரிசையில்தான் கட்டங்களும் போக வேண்டும்.

பக்கங்கள் நிறைய என்றால் Poppler என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் உள்ள pdftotext கட்டளை உதவும்; அதைக் கட்டளைச் சாளரத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். A4 தாள் 595 புள்ளி அகலம், 842 புள்ளி உயரம். 3ஆம் பக்கத்தை இப்படி இரண்டாகப் பிரிக்கலாம்:

```
pdftotext -f 3 -l 3 -x 0 -y 0 -W 297 -H 842 malar.pdf 3a.txt
pdftotext -f 3 -l 3 -x 297 -y 0 -W 298 -H 842 malar.pdf 3b.txt
```

குறுக்குத் தலைப்பு மேலிருந்து 150 புள்ளி வரை இருந்தால், இரண்டு வரியிலும் `-y 150 -H 692` என்று மாற்றுங்கள். `-layout` சேர்க்கச் சொல்வார்கள், சேர்க்காதீர்கள். அது பக்கத்தில் இருப்பது போலவே இரண்டு பத்தியையும் அருகருகே வைக்கும். உங்கள் சிக்கலே அதுதான்.

இனி நான் வற்புறுத்திச் சொல்வது. "வேர்டாக மாற்றித் தருகிறோம்" என்று பக்கத்துக்கு இவ்வளவு என வாங்கும் கடைகளிடம் போகாதீர்கள். ஒருமுறை 40 பக்கத்தை ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்த கோப்பு பார்க்க மலர் மாதிரியே இருந்தது. கிளிக் செய்தால் ஒவ்வொரு பத்தியும் துண்டு துண்டாகத் தனித்தனிப் பெட்டிக்குள் கிடந்தது. ஒரு சொல்லைத் திருத்தினால் பெட்டியே நகர்ந்தது. கடைசியில் எல்லாவற்றையும் நான்தான் மறுபடி எடுத்தேன். இணையத்தில் ஏற்றி மாற்றும் இலவசத் தளங்களும் வேண்டாம். சங்க மலரின் கடைசிப் பக்கங்களில் உறுப்பினர்களின் முகவரியும் கைப்பேசி எண்ணும் இருக்கும். அதை முன்பின் தெரியாதவரிடம் கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை.

மலரை வடிவமைத்தவரிடம் மூலக் கோப்பு இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அச்சானதும் பிடிஎஃபை மட்டும் வாங்கிக்கொண்டு மூலத்தை அவரிடமே விட்டுவிடுவதுதான் நம் சங்கங்களின் வழக்கம். ஆண்டுதோறும் செயலாளர் மாறுகிறார், கோப்பு யாரிடம் என்று யாருக்கும் தெரிவதில்லை. எத்தனை முறை சொன்னாலும் இது திருந்தவில்லை.

ஒட்டி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஓர் இடத்தைப் பாருங்கள்: இடது பத்தியின் கடைசி வரியும் வலது பத்தியின் முதல் வரியும் சேரும் இடம். அங்கே வாக்கியம் தடையில்லாமல் தொடர்ந்தால் அந்தப் பக்கம் சரி. தொடராவிட்டால் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, விடுபட்ட வரியை எடுங்கள்.