கல்விக் கட்டணம் அனுப்பும் படிவத்தில் ‘நோக்கம்’ தவறாக இருந்தால்?

கேள்வி: ஓய்வு பெற்றவன் நான். மகன் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிப்புக்குப் போயிருக்கிறான். 2025-26 நிதியாண்டிலேயே கட்டணம் 24 லட்சம் ரூபாயை என் டெபாசிட்டை முடித்து அனுப்பப் போகிறேன். இதே ஆண்டில் சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு அன்பளிப்பாக 3 லட்சம் அனுப்பியிருக்கிறேன். வங்கியில் ஏ2 படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நோக்கம் என்ற இடத்தில் S1301 என்று இருக்கிறது. “மகனுக்காகத்தானே அனுப்புகிறீர்கள், எல்லாம் ஒன்றுதான்” என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? அடுத்த தவணைக்குக் கல்விக் கடன் வாங்கும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். S1301 என்பது குடும்பப் பராமரிப்புக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான குறியீடு. வெளிநாடு போய்ப் படிப்பவருக்கான கட்டணம், விடுதிச் செலவு போன்றவற்றுக்கு ரிசர்வ் வங்கியின் பட்டியலில் S0305 இருக்கிறது. S1107 என்ற இன்னொரு கல்விக் குறியீட்டையும் அங்கே பார்ப்பீர்கள். அது இங்கிருந்தபடியே வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்தில் தபால் வழிப் படிப்பு போன்றவற்றுக்குக் கட்டும் கட்டணத்துக்கானது. உங்கள் மகன் நேரில் போய்ப் படிப்பதால் உங்களுக்கு உரியது S0305.

S1301-உம் S0305-உம் ஒன்றில்லை என்பதற்குக் காரணம், பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரியான டி.சி.எஸ். 2025-26 நிதியாண்டுக்கான விதிப்படி, இங்கே வசிப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பினால் வரிப் பிடித்தம் கிடையாது. அதற்கு மேல் போகும் தொகைக்கு, சொந்தப் பணத்தில் கட்டும் கல்விச் செலவு என்றால் 5 சதவீதம் பிடிப்பார்கள். குடும்பப் பராமரிப்பு, அன்பளிப்பு போன்ற மற்ற நோக்கங்களுக்கு 20 சதவீதம்.

இந்த 10 லட்சம் நோக்கத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடைப்பதில்லை. ஒரு பான் எண்ணுக்கு, எல்லா வங்கிகளும் எல்லா நோக்கங்களும் சேர்த்து ஒரே வரம்பு. மகளுக்கு அனுப்பிய 3 லட்சம் அதில் ஏற்கெனவே போய்விட்டதால், மிச்சம் 7 லட்சம். ஆக, 24 லட்சத்தில் 17 லட்சத்துக்குப் பிடித்தம் வரும். S0305 என்றால் 85,000 ரூபாய். S1301 என்றால் 3,40,000 ரூபாய். ஒரு குறியீட்டுக்காக 2,55,000 ரூபாய் கூடுதலாக உங்கள் கையைவிட்டுப் போகும்.

இது இழப்பு இல்லை, உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும் முன்வரிதான். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆனால் அதற்கு நிதியாண்டு முடிந்து, நீங்கள் கணக்கைத் தாக்கல் செய்து, வரித்துறை அதைப் பரிசீலிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சம்பளம் வாங்குபவர் 12BAA படிவத்தை நிறுவனத்திடம் கொடுத்து, சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் குறைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற உங்களுக்கு அந்த வழி பெரிதாக உதவாது. மகனின் அடுத்த தவணைக்குத் தேவைப்படும் பணம் அரசிடம் சும்மா கிடக்கும் என்பதுதான் எனக்குக் கவலை. இன்னொன்று, கணக்கில் 24 லட்சமும் வங்கிக் கட்டணமும் மட்டும் வைத்திருந்தால், டி.சி.எஸ். பிடிக்கும்போது பணம் போதாமல் அனுப்பும் வேலையே நின்றுவிடும். கல்லூரியின் கடைசித் தேதி நெருக்கத்தில் இப்படி ஆவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே 85,000 ரூபாயையும் கணக்கில் சேர்த்து வையுங்கள்.

சரி, கிளையில் என்ன செய்ய வேண்டும்? பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம், கட்டண விவரச் சீட்டு, மகனின் பாஸ்போர்ட் நகல், விசா நகல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அடித்துத் திருத்தாமல், புதிய ஏ2 படிவமே கேளுங்கள். அதில் குறியீட்டை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் எழுதியிருக்கும் விளக்கத்தையும் படியுங்கள். குறியீடு S0305, விளக்கம் ‘குடும்பப் பராமரிப்பு’ என்று இரண்டும் முரண்பட்டால் கணினியில் ஏற்றுபவர் எதை எடுப்பார் என்று சொல்ல முடியாது. பணம் பெறுபவர் பெயரும் வங்கிக் கணக்கும் கட்டணச் சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். மகனின் மாணவர் எண்ணைக் குறிப்புப் பகுதியில் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் பணம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் யார் கணக்கில் வைப்பது என்று தெரியாமல் கிடக்கும்.

அப்புறம், பலர் படிக்காமலே விடும் ஒரு பகுதி உண்டு. இந்த நிதியாண்டில் இதுவரை வெளிநாட்டுக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்று கேட்டிருக்கும். கிளையில் வழக்கமாக ‘இல்லை’ என்று நிரப்பிவிடுவார்கள். நீங்கள் அந்த 3 லட்சத்தை, அனுப்பிய தேதியும் வங்கியின் பெயரும் சேர்த்து எழுத வேண்டும். அது வேறு வங்கி வழியாகப் போயிருந்தாலும் சரி. ஒருவருக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற எல்.ஆர்.எஸ். உச்சவரம்பையும் 10 லட்சக் கணக்கையும் வங்கி சரிபார்ப்பது இந்த உறுதிமொழியையும் வைத்துத்தான். கையெழுத்து உங்களுடையது, அதனால் தவறுக்குப் பொறுப்பும் உங்களுடையதே. “வங்கிதான் நிரப்பியது” என்பது பதிலாக நிற்காது.

இணைய வழியில் அனுப்பினாலும் இதே கவனம் வேண்டும். அங்கே முதலில் ‘குடும்பப் பராமரிப்பு’, ‘கல்வி’ என்று பொதுப்பெயர்கள் மட்டும் தெரியும். கடைசியாக உறுதிசெய்யும் திரையில்தான் குறியீடும் டி.சி.எஸ். தொகையும் வரும். அங்கே 85,000-க்குப் பதில் 3,40,000 என்று வந்தால், நோக்கம் தவறு என்று அர்த்தம். உறுதிசெய்யாமல் பின்னால் போங்கள்.

மகன் கைச்செலவுக்கு, வாடகைக்கு என்று பின்னால் அவன் கணக்குக்கு அனுப்புவீர்கள் அல்லவா? அதையும் S1301-இல் தள்ள வேண்டியதில்லை. படிப்பதற்குத் தேவையான அன்றாடச் செலவும், படிப்பவர் போய்வரும் பயணச்சீட்டும் கல்விச் செலவில் சேரும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023-இல் வெளியிட்ட சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. மகன் மாணவன் என்பதற்கான கடிதத்தைக் கையில் வைத்திருங்கள், வங்கி கேட்கும்.

கல்விக் கடன் வாங்கினால், அந்தப் பணத்துக்குத் தனி ஏ2 படிவம் கொடுங்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80E பிரிவில் வரும் நிதி நிறுவனத்திடம் வாங்கிய கல்விக் கடனிலிருந்து கட்டும் தொகைக்கு டி.சி.எஸ். இல்லை. ஆனால் அது கடன் பணம்தான் என்பது ஆவணத்தில் தெரிய வேண்டும். கடன் தொகையைச் சேமிப்புக் கணக்கில் வாங்கி, சொந்தப் பணத்தோடு கலந்து, மொத்தமாக அனுப்பினால் எது கடன், எது சேமிப்பு என்று காட்டுவது சிக்கலாகிவிடும். கடன் தரும் வங்கியே நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது எல்லாவற்றிலும் சுலபம். அப்படி இல்லையென்றால், கடன் ஒப்புதல் கடிதத்தைப் படிவத்தோடு இணையுங்கள்.

இதைப் படிப்பதற்குள் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். கட்டணச் சீட்டை இணைத்து, குறியீட்டை S0305 என்று திருத்தித் தரக் கேளுங்கள். பிடித்த டி.சி.எஸ். தொகையை வங்கி அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்கு முன்பே போனால் திருத்தம் வங்கிக்குள்ளேயே முடிய வாய்ப்பு அதிகம். அந்தத் தேதி தாண்டிவிட்டால் வங்கி கையை விரித்துவிடலாம். அப்போது டி.சி.எஸ். சான்றிதழை வாங்கி வைத்து, உங்களிடம் பிடித்த வரிகளைக் காட்டும் 26AS படிவத்தில் அதே தொகை உங்கள் பான் எண்ணில் தெரிகிறதா என்று பார்த்து, வரிக் கணக்கில் கேட்டுப் பெறுங்கள்.