தங்கம்–வெள்ளி விகித சார்ட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரு கிராம் தங்கத்தின் விலையை ஒரு கிராம் வெள்ளியின் விலையால் வகுத்தால் வருவதுதான் இந்த விகிதம். ஒரு கிராம் தங்கத்துக்கு எத்தனை கிராம் வெள்ளி கிடைக்கும் என்று அது சொல்லும்.

கடை போர்டில் இருக்கும் விலையை வகுத்தால் 71 வருகிறது, சார்ட்டில் 78. எது தப்பு?

நீங்கள் வகுத்தது 22 காரட் விலையாக இருக்கும். வெள்ளி விலை சுத்த வெள்ளிக்கு. அதனால் தங்கத்திலும் 24 காரட்டைத்தான் எடுக்க வேண்டும். 71ஐ 22ஆல் வகுத்து 24ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 78 வந்துவிடும். கிலோ விலையை கிராமுக்கு மாற்ற மறப்பவர்களும் உண்டு.

விகிதம் 80ஐத் தாண்டினால் வெள்ளி மலிவு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார்களே?

பாதி சரி. 2018 செப்டம்பரில் விகிதம் 84 அளவில் இருந்தது. அப்போது 10 கிராம் தங்கத்தைக் கொடுத்தவருக்கு 840 கிராம் வெள்ளி கிடைத்திருக்கும். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் விகிதம் 120ஐத் தாண்டியது. அந்த 840 கிராமைத் திருப்பிக் கொடுத்தால் 7 கிராம் தங்கம்தான். அந்த ஆகஸ்டில் 72க்கு இறங்கியபோது அதே வெள்ளிக்கு 11.7 கிராம் தங்கம். ஆக, சார்ட் சொன்னது கடைசியில் பலித்தது. ஆனால் நடுவில் ஒன்றரை வருஷம் வயிற்றைக் கலக்கியிருக்கும். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

இன்னொன்று. விகிதம் இறங்க வெள்ளி ஏற வேண்டும் என்பதில்லை, தங்கம் அதிகமாக விழுந்தாலும் இறங்கும். இரண்டும் விழுந்தால் உங்கள் பணமும் குறையும், சார்ட் மட்டும் ஜெயித்திருக்கும்.

சார், பொண்ணு கல்யாணத்துக்கு வச்ச 5 பவுன் நகையைக் கொடுத்து வெள்ளி வாங்கட்டுமா?

வேண்டாம்மா. நகைக்குக் கொடுத்த செய்கூலி, சேதாரம் திரும்பி வராது. பழைய நகைக்குக் கடையில் கொஞ்சம் கழிப்பார்கள், வெள்ளி வாங்கும்போது 3 சதவீதம் ஜிஎஸ்டி. கல்யாணத்துக்கு மறுபடி நகை செய்யும்போது இதே செலவு இன்னொரு முறை. விகிதம் 80லிருந்து 72க்கு இறங்கினால் சார்ட்டில் 11 சதவீதம் லாபம் தெரியும், கையில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. மாற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்கள், பங்குபோல வாங்கி விற்கும் தங்க, வெள்ளி இடிஎஃப் யூனிட்டில் செய்வது இதனால்தான். அங்கே கூலியும் சேதாரமும் கிடையாது.

உண்மையான விகிதம் 16தானே? மண்ணில் வெள்ளி அவ்வளவுதான் அதிகம்.

16 என்பது 1834இல் அமெரிக்கா நாணயத்துக்குச் சட்டம் போட்டு வைத்த கணக்கு. சுரங்கத்தில் ஆண்டுதோறும் எடுக்கும் அளவைப் பார்த்தால் வெள்ளி ஏழெட்டு மடங்குதான் அதிகம். அதற்காக 8க்கு இறங்கும் என்று யாரும் காத்திருக்கவில்லை. வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கும்போது கூடவே வருவது. அதனால் விலை ஏறினாலும் வரத்து உடனே கூடிவிடாது. 1980 ஜனவரியில் ஒரு முறை 17ஐத் தொட்டது, அங்கே நிலைக்கவில்லை.

அப்போ எந்த எண்ணை "நடு" என்று வைத்துக்கொள்வது அண்ணா?

நான் இருபது வருஷ சார்ட்டைத்தான் எடுப்பேன். என் நண்பர் ஐம்பது வருஷம் எடுப்பார், அவருக்கு நடு கீழே வரும். இன்னும் சண்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.