கரண்ட் வந்ததும் கணினி தானே எழவேண்டும்: கேள்வி பதில்

"சென்னைல வேலை. பாண்டிச்சேரி வீட்டு டெஸ்க்டாப்புக்கு ரிமோட்ல நுழையணும். கரண்ட் போய் வந்தா அப்படியே கிடக்குது அண்ணா." (லாஸ்பேட்டை)

பயாஸில் ஒரு வரி மாற்ற வேண்டும். ஏசஸில் `Restore AC Power Loss`, டெல்லில் `AC Recovery`, ஜிகாபைட்டில் `AC BACK` என்று இருக்கும். அதை `Power On` அல்லது `Always On` ஆக்குங்கள். அப்புறம் ஒழுங்காக ஷட்டவுன் செய்து, சுவர் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். தானே எழுந்தால்தான் சரி. இந்தச் சோதனை செய்யாமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

"Last State தானே நல்லது? ஓடிக்கிட்டிருந்தா ஓடும், நாம நிறுத்தியிருந்தா நிக்கும். எங்க வீட்ல யூபிஎஸ்ஸும் இருக்கு." (நெல்லிக்குப்பம்)

யூபிஎஸ் இல்லாத வீட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. யூபிஎஸ் வந்தால் கதை மாறுகிறது. பேட்டரி இறங்கும்போது மென்பொருள் கணினியை முறையாக அணைக்கிறது. ஆக, கடைசி நிலை 'ஆஃப்'. கரண்ட் வந்தாலும் ஆஃபிலேயே இருக்கும்.

`Power On` வைத்தும் நான் மாட்டினேன். மஞ்சக்குப்பத்து வீட்டில் கணினி அணைந்த இரண்டாம் நிமிடமே கரண்ட் வந்துவிட்டது. யூபிஎஸ்ஸில் மிச்சம் சார்ஜ் இருந்ததால் அதன் வெளியீடு நிற்கவேயில்லை. மின்சாரம் போனதே மதர்போர்டுக்குத் தெரியாது, பிறகு எதற்கு எழும்? நான்கு நாள் ஊரிலிருந்து தவித்தேன்.

கணினி அணைந்ததும் யூபிஎஸ் தன் வெளியீட்டையும் வெட்டி, கரண்ட் வந்தபின் திரும்பத் தரவேண்டும். லினக்ஸில் யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் NUT மென்பொருளை வைத்திருந்தால் ஷட்டவுனின் கடைசியில் இது ஓடும்:

```
upsdrvctl shutdown
```

கணினியோடு பேச யூஎஸ்பி, சீரியல் மாதிரி எந்த இணைப்பும் இல்லாத யூபிஎஸ்ஸில் இது நடக்காது. அதற்கு பயாஸில் உள்ள RTC என்ற கடிகார அலாரத்தில் தினமும் காலை ஆறு மணிக்கு எழும்படி வையுங்கள். தாமதமாகும், ஆனால் எழும்.

"எங்க யூபிஎஸ் முழுசா காலியானா கரண்ட் வந்தும் ஆன் ஆகாது, பட்டனை அழுத்தணும். நீங்க சொல்றது நடக்காது." (நெல்லிக்குப்பம், மறுபடியும்)

சில மாடல்கள் அப்படித்தான். பட்டன் இல்லாமல் வருகிறதா என்று ஒருமுறை காலியாக்கிப் பாருங்கள். வராவிட்டால் அந்த யூபிஎஸ் இந்த வேலைக்கு ஆகாது.

"எதுக்கு இவ்ளோ? Wake on LAN போட்டா போதுமே." (வில்லியனூர்)

அது நெட்வொர்க் வழியாக அழைப்பு அனுப்பிக் கணினியை எழுப்பும். ஆனால் பல போர்டுகளில் மின்சாரம் முழுதாகப் போய் வந்தபின் ஒருமுறை பூட் ஆனால்தான் நெட்வொர்க் கார்டு அந்த அழைப்பைக் கேட்கும். உங்கள் போர்டில் வேலை செய்யலாம். சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள்.

"சார், கரண்ட் வந்தும் பிசி ஆன் ஆகல. என்ன செட்டிங்?" (பண்ருட்டி)

முதல் பதில்.

"லேப்டாப்புக்கு?" (கடலூர் முதுநகர்)

பெரும்பாலானவற்றில் இந்த வசதியே இல்லை. சில திங்க்பேடுகளில் `Power On with AC Attach` உண்டு.

"ஆன் ஆகுது, ஆனா ரிமோட் கிடைக்கல." (அரியாங்குப்பம்)

ரவுட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும், கணினி அதற்கு முன்பே எழுந்துவிடும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால், ரிமோட் மென்பொருள் யாராவது லாகின் செய்த பிறகே தொடங்குவதாக இருக்கலாம். அதை விண்டோஸ் சர்வீஸாக நிறுவுங்கள். வைஃபையை விட்டு லேன் கேபிள் போட்டால் இன்னொரு சந்தேகமும் தீரும்.

"சார், கரண்ட் போனா பயாஸ் தேதியும் செட்டிங்கும் பழசாயிடுது." (திருப்பாதிரிப்புலியூர்)

மதர்போர்டில் உள்ள CR2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. மாற்றி, செட்டிங்கை மறுபடி வைத்து, சுவிட்ச் சோதனையைச் செய்யுங்கள்.